நல்ல படத்தை முறையாகக் கெடுப்பது எப்படி?

சிறிய, மங்கலான படத்தைப் பெரிய, தெளிவான படமாக மாற்றும் நரம்பு வலைகளை சூப்பர் ரெசல்யூஷன் மாடல் என்கிறார்கள். இவற்றுக்குப் பயிற்சி கொடுக்க இணை இணையாகப் படங்கள் வேண்டும். ஒவ்வோர் இணையிலும் கெட்டுப்போன சிறிய படம் ஒன்றும், அதே காட்சியின் பழுதில்லாத பெரிய படம் ஒன்றும் இருக்கும். வலை முதலாவதைப் பார்த்து இரண்டாவதை ஊகிக்க முயலும். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், இப்படிப்பட்ட இணைகள் உலகில் தாமாகக் கிடைப்பதில்லை. பழைய ஆல்பத்திலிருந்து செல்போனில் எடுத்த மங்கல் படத்துக்குத் தெளிவான மூலம் எங்கும் இல்லை. இருந்தால் வலையே தேவைப்படாது.

கேமராவைக் கொண்டே இணைகளைத் தயாரித்துப் பார்த்தவர்கள் உண்டு. 2019இல் வெளியான ரியல்எஸ்ஆர் என்னும் படத்தொகுப்புக்காக, ஒரே காட்சியை ஜூம் லென்ஸின் வெவ்வேறு குவியத் தூரங்களில் எடுத்தார்கள். தூரத்துப் படம் சிறியது, நெருக்கப் படம் பெரியது. ஆனால் ஜூமை மாற்றும்போது கோணமும் வெளிச்சமும் லென்ஸின் வளைவும் சற்றே மாறிவிடுகின்றன. இரண்டு படங்களையும் பிக்சலுக்குப் பிக்சல் பொருத்துவது பெரும்பாடு. அசையும் மரக்கிளையை, நடந்துபோகும் ஆளைப் படமெடுக்கவே முடியாது. அப்படியே எடுத்து முடித்தாலும், ஒரு கேனான், ஒரு நிக்கான் என்று அந்த இரண்டு கேமராக்களின் குணத்தைத்தான் வலை கற்றுக்கொள்ளும். அதனால் பெரும்பாலோர் எதிர்த்திசையில் போகிறார்கள்: தெளிவான படத்தை எடுத்துக்கொண்டு, கணினியில் வேண்டுமென்றே கெடுக்கிறார்கள்.

கெடுப்பது எளிய வேலை போலத் தோன்றும். ஆரம்பத்தில் எளிதாகத்தான் செய்தார்கள். 2014இல் எஸ்ஆர்சிஎன்என் என்னும் வலை வந்ததிலிருந்து சில ஆண்டுகள், நல்ல படத்தை பைகியூபிக் என்னும் வழக்கமான கணக்கால் நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி, அதையே கெட்ட படமாகக் கொடுத்தார்கள். 2017இல் வந்த டிஐவி2கே தொகுப்பின் 800 பயிற்சிப் படங்களும் முதன்மையாக இப்படித்தான் பயன்பட்டன. அளவீடுகளில் மதிப்பெண் ஆண்டுதோறும் ஏறியது. ஆனால் அதே வலையிடம் உண்மையான செல்போன் படத்தைக் கொடுத்தால், வானத்திலிருந்த மெல்லிய மணல்மணலான இரைச்சலை இலைநுனி என்று எண்ணிக் கூர்மையாக்கியது. ஜேபெக் சுருக்கம் விட்டுச்சென்ற கட்டங்களின் ஓரங்களைச் சுவர்க்கோடு போல அழுத்தி வரைந்தது. பயிற்சியின்போது அது இரைச்சலையோ கட்டங்களையோ பார்த்ததே இல்லை. கெட்ட படத்தில் காணும் ஒவ்வொரு சிறு மாற்றமும் காட்சியைச் சேர்ந்ததே என்று நம்பும்படிதான் அது பழக்கப்பட்டிருந்தது.

படம் எப்படிக் கெட்டது என்று முன்கூட்டித் தெரியாத நிலையிலும் சரிசெய்யும் வலையை பிளைண்ட் வகை என்பார்கள். அதற்கான பயிற்சி இணைகளைத் தயாரிக்க, நான்கு சேதங்களை அடுக்கும் ஒரு வாய்பாடு வெகுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது:

```
x = [ (y * k)↓r + n ]JPEG
```

இதில் `y` நல்ல படம், `x` கெட்ட படம். நல்ல படத்தை `k` என்னும் மங்கல் அச்சால் மங்கலாக்கி, `r` மடங்கு சுருக்கி, `n` என்னும் இரைச்சலைக் கூட்டி, ஜேபெக்கில் அமுக்க வேண்டும். வாய்பாட்டில் தவறில்லை. ஆனால் உண்மையான படம் இந்த வரிசையை ஒரே ஒருமுறை கடந்து நம்மிடம் வருவதில்லை. கேமரா லென்ஸ் கொஞ்சம் மங்கலாக்குகிறது, சென்சார் இரைச்சலைச் சேர்க்கிறது, போன் கூர்மைப்படுத்தி ஜேபெக்காகச் சேமிக்கிறது. பிறகு யாரோ அதை வாட்ஸ்அப்பில் அனுப்ப, அங்கே மீண்டும் சுருங்கி மீண்டும் அமுங்குகிறது. பெற்றவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொருவருக்கு அனுப்புகிறார். 2021இல் இரண்டு குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டன. சூரிச்சின் இடிஎச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கை சாங் குழுவினர் பிஎஸ்ஆர்கேன் மாடலில் சேதங்களின் வரிசையையே சீட்டுக்கட்டு போலக் கலைத்துவிட்டார்கள். டென்சென்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சின்டாவ் வாங் குழுவினர் ரியல்-இஎஸ்ஆர்கேனில் வரிசையை அப்படியே வைத்து, முழு வரிசையையும் இரண்டு முறை ஓட்டினார்கள். இரண்டாவது வழி பரவலாகப் புழங்குவதால், அதை ஒட்டியே ஒவ்வொரு சேதத்தையும் பார்ப்பது எளிது.

முதலில் மங்கல். ஒவ்வொரு பிக்சலையும் சுற்றியுள்ள பிக்சல்களோடு ஒரு விகிதத்தில் கலப்பதே மங்கல். அந்த விகிதங்களின் சிறிய சதுர அட்டவணைக்குக் கர்னல் என்று பெயர். ரியல்-இஎஸ்ஆர்கேனில் இதன் பக்கம் 7 பிக்சல் முதல் 21 பிக்சல் வரை ஒற்றைப்படை எண்களில் மாறும். நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் இருக்கும் காஸியன் வடிவமே பெரும்பாலும் எடுக்கப்படுகிறது. அதன் அகலத்தைக் குறிக்கும் சிக்மா 0.2 முதல் 3 வரை சீட்டுக்குலுக்கல் முறையில் அமையும். சில வேளை வட்டமாகவும், சில வேளை ஏதோ ஒரு பக்கம் சாய்ந்த நீள்வட்டமாகவும் அது இருக்கும். குவியம் தப்பிய லென்ஸ் ஒரு புள்ளியைத் தட்டையான வட்டாகப் பரப்புகிறது; காஸியன் போல நடுவில் குவிப்பதில்லை. அதனால் உச்சி தட்டையான கர்னல்களும் சிறு பங்காகச் சேர்க்கப்பட்டுள்ளன. கைநடுக்கத்தால் வரும் மங்கலுக்கு நீள்வட்டம் ஓரளவுதான் ஈடு. உண்மையான நடுக்கம் வளைந்து நெளிந்த பாதையில் ஓடும், அது இந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு, ஆனால் அதைப் பலர் கவனிப்பதில்லை. லென்ஸில் ஒளி பரவுவது சென்சாரில் விழுவதற்கு முன்பு. அப்போது அளவு ஒளியின் உண்மை அளவு. படக்கோப்பில் இருக்கும் எண்களோ கண்ணுக்கு ஏற்றபடி வளைக்கப்பட்டவை. வளைந்த எண்களின் மேல் மங்கலைப் போடும்போது பகல் காட்சிகளில் பெரிய வேறுபாடு தெரியாது. இரவுத் தெருவிளக்கில் தெரியும். உண்மையான மங்கலில் விளக்கைச் சுற்றி அகன்ற, பிரகாசமான வட்டு விழும். கணினியில் செய்த மங்கலில் அது சோர்ந்துபோன புகையாக நிற்கும்.

அடுத்தது அளவு மாற்றம். இதைச் சுருக்குவது என்று மட்டும் நினைத்தால் பாதிதான் சரி. முதல் சுற்றில் படம் 0.15 மடங்கு முதல் 1.5 மடங்கு வரை எதுவாகவும் ஆகலாம். பத்தில் ஏழு முறை சுருங்கும், இரண்டு முறை பெரிதாகும், ஒரு முறை அப்படியே இருக்கும். பரப்புச் சராசரி, பைலீனியர், பைகியூபிக் என்ற மூன்று கணக்குகளில் ஒன்று தேர்வாகும். பரப்புச் சராசரி மென்மையாக விடும், பைகியூபிக் ஓரங்களைச் சற்று மிகையாக்கும், பைலீனியர் அதிகமாகச் சுருக்கும்போது இடைப்பட்ட பிக்சல்களைத் தாண்டிப் போய் மெல்லிய கோடுகளைப் படிக்கட்டாக்கும். மூன்றுமே செயலிகளில் புழங்குபவை.

நான்காவதாக, அருகிலுள்ள ஒரு பிக்சலை அப்படியே எடுத்துக்கொள்ளும் நியரஸ்ட் முறையை ரியல்-இஎஸ்ஆர்கேன் விலக்கியிருக்கிறது. காரணம் அழகு சம்பந்தப்பட்டதன்று. நான்குக்கு நான்கு கட்டத்தில் இடது மேல் மூலைப் பிக்சலை எடுத்தால், அது கட்டத்தின் நடுவிலிருந்து குறுக்கேயும் நெடுக்கேயும் ஒன்றரைப் பிக்சல் விலகியிருக்கிறது. சிறிய படமும் பெரிய படமும் அந்த அளவுக்கு நகர்ந்துவிடும். எல்லா இணைகளிலும் ஒரே நகர்வு என்றால் வலை நகர்த்தியே வரையக் கற்றுக்கொள்ளும். இணைக்கு இணை நகர்வு மாறினால் எங்கே கோடு போடுவது என்று தெரியாமல் நடுவில் தடவி வைக்கும். புதிதாகச் சொந்தமாக இந்த வேலையைச் செய்பவர்கள் மிக அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். கண்டுபிடிப்பது எளிது: சிறிய படத்தைச் சாதாரணமாகப் பெரிதாக்கி, மூலப் படத்திலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். பொருத்தம் சரியென்றால் ஓரங்களின் இரு பக்கமும் சமமாக எஞ்சும். நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக, புடைப்புச் சிற்பம் போலத் தெரியும்.

மூன்றாவது இரைச்சல். இதில் இரண்டு வகை பயன்படுகின்றன. காஸியன் வகை படம் முழுக்க ஒரே அளவில் தூவப்படுவது. சென்சாரின் மின்சுற்று தரும் இரைச்சலுக்கு இது ஒப்பானது. பாய்சான் வகை ஒளித்துகள்களின் எண்ணிக்கையால் வருவது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஒளித்துகள் விழுந்தால் ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய 10, அதாவது பத்தில் ஒரு பங்கு. 10,000 விழுந்தால் ஏற்றத்தாழ்வு 100, நூறில் ஒரு பங்குதான். இருட்டில் எடுத்த படம் மணல்மணலாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம். இரண்டு வகைக்கும் சமவாய்ப்பு தரப்படுகிறது. பத்தில் நான்கு முறை சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஒரே இரைச்சல் போகும். அது கறுப்பு வெள்ளைத் தூவலாகத் தெரியும். மற்ற நேரங்களில் மூன்றும் தனித்தனி. அது வண்ணப் பொட்டுகளாகத் தெரியும்.

கடைசியில் ஜேபெக். படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கூட்டாக மாற்றி, கண்ணுக்கு அதிகம் தெரியாத நுண்ணலைகளின் எண்களை முரட்டுத்தனமாக முழுமையாக்கிச் சேமிப்பது இதன் வேலை. தர எண் 30 முதல் 95 வரை எடுக்கப்படுகிறது. 95இல் சேதம் கண்ணுக்குத் தெரியாது, 30இல் கட்டங்கள் அப்பட்டமாகத் தெரியும். முதல் சுற்றுக்கான இந்த அளவுகள் அமைப்புக் கோப்பில் இவ்வாறு இருக்கின்றன:

```
resize_prob: [0.2, 0.7, 0.1]
resize_range: [0.15, 1.5]
gaussian_noise_prob: 0.5
noise_range: [1, 30]
gray_noise_prob: 0.4
jpeg_range: [30, 95]
```

எண்களைத் தனியே பார்த்தால் இரண்டாவது சுற்றின் பயன் விளங்காது. ஒரே ஒரு துண்டை முழு வழியிலும் பின்தொடர்ந்தால் விளங்கும். பயிற்சிக்கு எடுப்பது 256க்கு 256 பிக்சல் துண்டு. முடிவில் 64க்கு 64 ஆக வேண்டும். முதல் சுற்றில் சிக்மா 1.8 கொண்ட நீள்வட்ட மங்கல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அளவு 0.6 மடங்காகி, பக்கம் 153 பிக்சல் ஆகிறது. 255 அளவுகோலில் 12 என்னும் வலுவுள்ள காஸியன் இரைச்சல் சேர்கிறது. தரம் 58இல் ஜேபெக் அமுக்குகிறது. அது இரைச்சலில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டுக் கட்டங்களைப் போடுகிறது. இரண்டாவது சுற்றில் சிறிய மங்கல் ஒன்று வருகிறது. அதற்கு வாய்ப்பு பத்தில் எட்டு. இம்முறை அளவு இறுதி அளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 0.9 மடங்கு விழுந்தால் பக்கம் 57 பிக்சல், அதாவது இலக்கைவிடச் சிறியது. வலு 8 உள்ள புது இரைச்சல் சேர்கிறது. பிறகு படம் 64க்குப் பெரிதாக்கப்பட்டு, தரம் 70இல் இறுதி ஜேபெக் ஆகிறது.

இப்போது 64 பிக்சல் துண்டில் இருப்பதைக் கவனிக்கலாம். முதல் இரைச்சல் 153லிருந்து 57க்குப் பரப்புச் சராசரியாகச் சுருங்கியபோது ஏறத்தாழ ஏழு பிக்சல்கள் ஒன்றாயின. ஆகவே 12 என்ற வலு, மற்றவற்றை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 4.5 அளவுக்கு இறங்கியிருக்கும். கோப்பில் 30 என்று எழுதியிருப்பதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை; எழுதிய வலு வேறு, வந்து சேரும் வலு வேறு. இரண்டாவது இரைச்சல் பெரிதாக்கலில் பரவி, தனித்தனிப் புள்ளியாக இல்லாமல் சிறு திட்டுகளாக மாறியிருக்கிறது. செல்போன் படத்தில் காணும் இரைச்சல் இப்படித்தான் திட்டுத்திட்டாக இருக்கும். ஒரே சுற்றில் தூவினால் இந்தத் திட்டு கிடைக்காது. முதல் ஜேபெக்கின் 8 பிக்சல் கட்டங்கள் சுருங்கி ஏறக்குறைய 3 பிக்சல் இடைவெளியில் மங்கலாக நிற்கின்றன, அவற்றின் மேல் புது 8 பிக்சல் கட்டங்கள் விழுந்திருக்கின்றன. பலமுறை பகிரப்பட்ட படத்தில் இருப்பது இந்தக் கலவையே. சேதங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்றையொன்று உருமாற்றுவதில்தான் இந்த முறையின் பலன் இருக்கிறது. மேலும் புதுப் புது சேதங்களைக் கண்டுபிடித்துச் சேர்ப்பது அதற்கு அடுத்தபடிதான்.

நான்கு சேதங்களில் அடங்காத ஒன்றை மட்டும் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. மிகையாகக் கூர்மைப்படுத்திய படங்களில் கறுப்புக் கம்பியை ஒட்டி வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். அதற்கு அப்பால் மங்கலான இன்னொரு கோடும் இருக்கும். வளையம் வளையமாகப் படரும் இந்தப் பேய்க்கோடுகளை உண்டாக்க சிங்க் என்னும் வடிகட்டி பயன்படுகிறது. ரியல்-இஎஸ்ஆர்கேனில் இது மங்கல் கட்டத்தில் அரிதாகவும், இறுதிக் கட்டத்தில் பத்தில் எட்டு முறையும் வரும். இறுதி ஜேபெக்குக்கு முன்பா பின்பா என்பதும் சமவாய்ப்பில் மாறும், ஏனென்றால் சிலர் கூர்மைப்படுத்திய பிறகு அமுக்குகிறார்கள், சில இணையதளங்கள் அமுக்கியதை வாங்கிக் கூர்மைப்படுத்துகின்றன. இந்தச் சேதத்தைப் பயிற்சியில் காட்டாவிட்டால் வலை பேய்க்கோடுகளை உண்மையான கோடாக எண்ணி வலுப்படுத்துகிறது.

செயல்முறையில் இரண்டு சிறு விஷயங்கள் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. ஒன்று, முழுமையாக்கல். கணக்கின் நடுவே பிக்சல்கள் தசம எண்களாக இருக்கின்றன. கடைசியில் 0 முதல் 255 வரையிலான முழு எண்ணாக்காமல் கொடுத்தால், எந்தக் கோப்பிலும் கிடைக்காத நுண்ணிய தகவலை வலை பயன்படுத்தப் பழகிவிடும். உண்மைப் படத்தில் அது கிடைக்காதபோது திணறும். அதற்காகவே இறுதியில் இந்த ஒரு வரி வருகிறது:

```python
lq = torch.clamp((out * 255.0).round(), 0, 255) / 255.
```

மற்றொன்று, பன்மை. வேகத்துக்காக ஒரு தொகுதியிலுள்ள எல்லாத் துண்டுகளும் கிராஃபிக்ஸ் கார்டில் ஒன்றாகக் கெடுக்கப்படுகின்றன. எனவே ஒரு தொகுதியில் எல்லாமே 0.6 மடங்கு சுருங்கும், அடுத்ததில் எல்லாமே 1.2 மடங்கு பெரிதாகும். வலைக்கு ஒவ்வொரு அடியிலும் ஒரே வகைச் சேதம்தான் தெரியும். இதைத் தவிர்க்க 180 இணைகள் கொண்ட ஒரு கிடங்கு வைத்து, புதியவற்றை அதில் போட்டுக் கலந்து, பழையவற்றை எடுத்துப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள்.

அடிப்படைப் படங்களே கெட்டிருந்தால் இத்தனை உழைப்பும் வீண். இணையத்தில் அள்ளிய படங்களில் ஏற்கெனவே ஜேபெக் கட்டங்கள் இருந்தால், அவற்றையே இலக்காகக் கொண்டு வலை கட்டங்களை வரையக் கற்றுக்கொள்ளும். டிஐவி2கே போன்ற கவனமாகத் தேர்ந்த தொகுப்புகள் இன்னும் புழங்குவதற்கு இது ஒரு காரணம்.

முறை சரியாக அமைந்ததா என்று சோதிப்பதுதான் கடினம். உண்மைப் படத்துக்கு மூலம் இல்லாததால் வித்தியாசத்தை அளக்க வழியில்லை. மூலமில்லாமலே மதிப்பெண் தரும் நைக்கி போன்ற அளவீடுகள் உண்டு, ஆனால் அவை கண்ணின் தீர்ப்போடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. ரியல்-இஎஸ்ஆர்கேன் ஆய்வாளர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சிக்கு முன்பே செய்யக்கூடிய சோதனை இதைவிடப் பயனுள்ளது. தயாரித்த கெட்ட படங்களிலிருந்தும் உண்மையான கெட்ட படங்களிலிருந்தும் வானம், சுவர் போன்ற வெறுமையான இடங்களை வெட்டி, எட்டு மடங்கு பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். இரைச்சல் ஒன்றில் தூவலாகவும் மற்றதில் திட்டாகவும் இருந்தால் வரிசையில் எங்கோ கோளாறு என்று பொருள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு விலை கொடுத்தே ஆக வேண்டும். சேதங்களின் எல்லையை விரிக்க விரிக்க, வலைக்கு ஐயம் கூடுகிறது. தோலின் நுண்துளையும் துணியின் நெசவும் தொலைதூரப் புல்லும் கெட்ட படத்தில் இரைச்சல் போலவே தெரியும். வலுவான இரைச்சலை அடிக்கடி பார்த்துப் பழகிய வலை அவற்றையும் துடைத்துவிடுகிறது. முகம் மெழுகு பூசியது போலாவது இதனால்தான். ரியல்-இஎஸ்ஆர்கேன் பயிற்சி இரண்டு கட்டமாக நடப்பதும் இதோடு தொடர்புடையது. முதலில் சராசரி வித்தியாசத்தை மட்டும் குறைக்கும் பயிற்சி 10 லட்சம் அடிகள் நடக்கும். அதில் படம் சுத்தமாகவும் வழவழப்பாகவும் வரும். அடுத்த 4 லட்சம் அடிகளில் போட்டி வலை ஒன்று சேர்ந்து, நம்பும்படியான நுட்பங்களை வரைய வைக்கும். அந்த நுட்பங்கள் நம்பும்படி இருக்கும், உண்மையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பின்னாளில் வெளியிட்ட `realesr-general-x4v3` மாடலில் இரைச்சலை எவ்வளவு துடைப்பது என்று பயனரே கூட்டிக் குறைக்க `-dn` என்ற விருப்பம் கொடுக்கப்பட்டது. எல்லாப் படத்துக்கும் பொருந்தும் ஒரே எல்லை இல்லை என்பதை இதைவிட வெளிப்படையாக ஒப்புக்கொள்ள முடியாது.

எல்லைக்கு வெளியே உள்ள சேதங்கள் அப்படியே மிஞ்சுகின்றன. கட்டிடங்களின் நெருக்கமான சன்னல் கோடுகள் படிக்கட்டாகி வந்தால் வலை அவற்றை முறுக்கி வரைகிறது. வீடியோவில் ஒரு காட்சித் துண்டின் சேதம் அடுத்ததற்குத் தொற்றும். அது ஜேபெக்கைக் கொண்டு உண்டாக்க முடியாதது. 2022இல் வெளியான ரியல்-பேசிக்விஎஸ்ஆர் மாடலுக்காக வீடியோ சுருக்கத்தையே சேத வரிசையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இவ்வளவும் ஊகத்தின் மேல் நிற்பதால், இந்த வகை மாடல் தெளிவாக்கிக் காட்டும் வண்டி எண்ணையோ முகத்தையோ ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. அங்கே தெரியும் எழுத்து, மங்கல் படத்தில் இருந்த எழுத்து என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.